பொங்கல் ஏன் சூரியனைப் பார்த்து வருகிறது? ஊர்க் கலைவிழாவில் ஐந்து நிமிடம் பேசப் போகிறவர்களுக்கான கேள்வி பதில்கள்

எங்கள் ஊர் காவிரிக் கடைமடையில் இருக்கிறது. காணும் பொங்கல் அன்று சாயங்காலம் கோயில் திடலில் கோலாட்டம், உறியடிப் பரிசளிப்பு, நாடகம் எல்லாம் நடக்கும். நாடகத்துக்கு வேஷம் கட்டி முடிக்கும்வரை மேடை சும்மா இருக்கக் கூடாது என்று யாரையாவது பேச விடுவார்கள். அப்படித்தான் இந்தப் பேச்சு என் தலையில் விழுந்தது. பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் "அந்தச் சூரியன் பேச்சை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐந்து நிமிடம்தான் கொடுப்பார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது?

ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: தீபாவளி தேதி வருஷா வருஷம் ஓடுகிறது, பொங்கல் ஓடுவதில்லை, காரணம், பயிர் சூரியனைப் பார்த்து வளர்கிறது, நிலாவைப் பார்த்து அல்ல. இவ்வளவுதான். இந்திர விழா, போகிக்கு வந்த பெயர், வெளிமாநிலங்களின் சங்கராந்திப் பட்டியல் எதுவும் வேண்டாம். நான் முதல் வருஷம் எல்லாவற்றையும் திணித்துப் பேசினேன். முன்வரிசைப் பிள்ளைகள் ஏழாவது நிமிடத்தில் கரும்பைக் கடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பேச்சை அப்படியே எழுதித் தர முடியுமா?

இதோ. நிதானமாகப் பேசினால் மூன்று, நான்கு நிமிடம் வரும். பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

2023இல் தீபாவளி என்றைக்கு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? நவம்பர் 12. மறுவருஷம் அக்டோபர் 31. அதற்கு அடுத்த வருஷம் அக்டோபர் 20. பார்த்தீர்களா, பதினோரு நாள், பன்னிரண்டு நாள் என்று முன்னால் ஓடி வருகிறது. சரி, இப்போது பொங்கலுக்கு வாருங்கள். இந்த வருஷங்களில் எல்லாம் ஜனவரி 14, இல்லையென்றால் 15. உங்கள் தாத்தா பள்ளிக்கூடம் போன காலத்திலும் ஏறக்குறைய இதே தேதிதான்.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு இருபத்தொன்பதரை நாள். அப்படிப் பன்னிரண்டு அமாவாசை போனால் 354 நாள். ஆனால் வெயில், மழை, பனி எல்லாம் ஒரு சுற்று சுற்றி வர 365 நாள் ஆகிறது. பதினோரு நாள் இடிக்கிறது. (இங்கே இரண்டு நாடாக்களையும் விரித்துக் காட்டவும்.)

நிலாவை மட்டும் பார்த்துப் பொங்கல் வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் தையில் வரும். மூன்று வருஷத்தில் மார்கழிப் பனிக்குள் போய் நிற்கும். பதினாறு வருஷத்தில் ஆடிக்குப் போய்விடும். ஆடியில் நாம் என்ன செய்வோம்? விதைப்போம். விதை நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு அறுவடைப் பொங்கல் வைக்க முடியுமா?

தீபாவளி ஏன் அப்படி ஆடிக்கு ஓடவில்லை என்று கேட்பீர்கள். ஓட விடாமல் பிடித்து இழுக்கிறார்கள். இரண்டரை, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். 2026இல் அப்படி ஒரு மாதம் சேர்ந்தது, தீபாவளி பின்னால் போய் நவம்பர் 8இல் விழுந்தது. அதாவது நிலாக் கணக்குக்கும் கடைசியில் சூரியன்தான் கடிவாளம்.

பொங்கலுக்கு அந்த வேலையே இல்லை. சூரியன் மகர ராசிக்குள் நுழைகிற நாள் தை ஒன்று. அதற்கும் பௌர்ணமிக்கும் சம்பந்தம் கிடையாது. பொங்கல் பொங்கும்போது வானத்தில் நிலா பாதியாக இருக்கலாம், முழுசாக இருக்கலாம், இல்லாமலே இருக்கலாம். யாரும் பார்ப்பதில்லை. பானையைச் சூரியனுக்கு முன்னால்தானே வைக்கிறோம்.

சூரியன் தெற்கே போனபோது நமக்கு மழை வந்தது. பகல் சுருங்கியபோது சம்பா கதிர் வாங்கியது. மழை விட்டு வெயில் வந்தபோது நெல் காய்ந்தது. வயலில் மூன்று வேலையையும் நடத்தியவரிடமே தேதியையும் கேட்டுவிட்டார்கள் நம் ஆட்கள். நன்றி, நாடகம் தயாராகிவிட்டது என்று நினைக்கிறேன்."

நாடாவை வைத்து என்ன செய்வது?

ஒரு நாளுக்கு ஒரு சென்டிமீட்டர். மஞ்சள் துணி நாடா மூன்று மீட்டர் 65 சென்டிமீட்டர். அது சூரிய வருஷம். வெள்ளை நாடா மூன்று மீட்டர் 54 சென்டிமீட்டர். அது பன்னிரண்டு அமாவாசை. இரண்டு பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு இரு முனையையும் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு முனையைச் சமமாக வைத்தால் மறுமுனையில் சுமார் அரைச் சாண் அளவுக்கு வெள்ளை நாடா எட்டாமல் நிற்கும். "மூன்று வருஷத்தில் இந்த இடைவெளி 33. ஒரு மாதத்தையே விழுங்கிவிடும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

முதல் தடவை நான் தேங்காய்நார்க் கயிற்றைக் கொண்டுபோனேன். பையன் ஆர்வத்தில் இழுத்த இழுப்பில் நிலா வருஷம் சூரிய வருஷத்தைத் தாண்டிப் போய்விட்டது. கூட்டம் சிரித்தது, விஷயம் போய்விட்டது. நீளாத நாடாவாகப் பாருங்கள்.

பகல் சுருங்கினால் நெல் கதிர் வாங்கும் என்கிறீர்கள். நெல்லுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

பேச்சில் ஒரே வரியில் போகிற இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. யாராவது கேட்டால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

நம் நெல் ரகங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று நாளை எண்ணும் வகை. ஆடுதுறை 36 அப்படிப்பட்டது. எந்த மாதத்தில் விதைத்தாலும் சுமார் 110 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். குறுவைக்கு ஏற்றது இந்த வகைதான். இன்னொன்று பகலை அளக்கும் வகை. நம் பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவும் இதில் சேரும். இவை விதைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் பார்ப்பதில்லை. பகல் ஓர் அளவுக்குக் கீழே சுருங்கி, இரவு நீண்டால்தான் குருத்துக்குள் கதிர் உருவாகத் தொடங்கும். அதுவரை தூர் கட்டிக்கொண்டு, தாளும் தோகையுமாக வளர்ந்துகொண்டே இருக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஜூன் மாதத்தில் மிக நீண்ட பகல் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம். டிசம்பரில் மிகக் குறுகிய பகல் பதினொன்றரை. ஒன்றேகால் மணி நேர வித்தியாசம், அதுவும் ஆறு மாதத்தில் பரவிக் கிடக்கிறது. ஒரு நாளைக்குப் பார்த்தால் அரை நிமிடம்கூட இல்லை. நமக்கு உறைக்கவே உறைக்காது. நெல் இலைக்கு உறைக்கிறது.

இதனால் என்ன ஆகிறது பாருங்கள். ஆடிக் கடைசியில் ஒருவர் நாற்று விடுகிறார். பக்கத்து வயல்காரருக்குத் தண்ணீர் பிந்தி வந்தது, ஆவணிக் கடைசியில் விடுகிறார். விதைப்பில் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. ஆனால் பகலை அளக்கும் ரகமாக இருந்தால் கதிர் வருகிற நேரத்தில் அந்த ஒரு மாதம் சில நாட்களாகச் சுருங்கிவிடும். முந்தி விதைத்தது காத்திருக்கும், பிந்தி விதைத்தது ஓடி வந்து சேர்ந்துகொள்ளும். பிந்தியதற்குத் தூர் குறையும், வைக்கோல் குறையும், நெல்லும் கொஞ்சம் குறையும். ஆனால் அறுப்பு மட்டும் ஊருக்கே ஏறக்குறைய ஒன்றாக வரும். பூத்த பிறகு பால் பிடித்து மணி முற்ற ஒரு மாதம். கார்த்திகைக் கடைசி, மார்கழித் தொடக்கத்தில் பூத்தால் தை பிறக்கும்போது அரிவாள் எடுக்கலாம்.

ஊர் முழுக்க ஒரே நாளில் பொங்கல் வைக்க முடிந்ததற்குப் பின்னால் இந்தச் சங்கதி இருக்கிறது. எல்லா வயலும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தது. அந்தக் கடிகாரம் சூரியன்.

சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சாட்சி சொல்லலாம். பகலை அளக்கும் ரகம் நட்ட வயலின் ஓரத்தில் இரவு முழுக்க எரியும் தெருவிளக்கு இருந்தால், அந்த வெளிச்சம் விழுகிற வட்டத்தில் மட்டும் பயிர் பச்சையாகவே நிற்கும். சுற்றிலும் கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருக்க, கம்பத்தடியில் தொண்டைக்கதிர்கூட வந்திருக்காது. உரம் அதிகமாகி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைப்பார்கள். உரம் இல்லை. அதற்கு இன்னும் இரவே வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம், நிலா வெளிச்சம் இந்த வேலையைச் செய்யாதா என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. பௌர்ணமி வெளிச்சம் தெருவிளக்கோடு ஒப்பிட மிகச் சொற்பம்; நெல் அதைப் பகல் என்று எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் ஊரில் பொங்கலுக்கு அறுப்பே ஆரம்பிக்கவில்லையே. மேடையில் இதைச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பார்கள்தான். நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

இப்போது சம்பாப் பருவத்தில் நடுவதிலும் பெரும்பகுதி நாளை எண்ணும் ரகம். விதைப்பு எப்போதோ, அறுப்பும் அதைப் பொறுத்தே. விதைப்பு எப்போது என்பதை மேட்டூர் முடிவு செய்கிறது. வழக்கப்படி ஜூன் 12இல் அணை திறக்க வேண்டும். 2022இல் மே 24இலேயே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 ஆயிற்று. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாதம். இந்த இரண்டு மாதத்தைச் சுருக்கிக் கொடுக்கும் குணம் நாளை எண்ணும் ரகத்துக்குக் கிடையாது. பிந்தி விதைத்தால் பிந்தித்தான் அறுப்பு. மாசி, பங்குனிவரைகூட இழுக்கும். ஆக, பொங்கல் தேதி தப்பவில்லை. விதை மாறிவிட்டது, தண்ணீர் வரும் நாளும் மாறிவிட்டது. பழைய ரகத்துக்கு எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்த உயரமான தாள் ஐப்பசிக் காற்றில் படுத்துக்கொண்டால் என்ன நஷ்டம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

"சூரியன் வடக்கே திரும்பும் நாள் பொங்கல்" என்று பேசலாமா? எல்லோரும் அப்படித்தானே பேசுகிறார்கள்?

வேண்டாம். இந்தப் பேச்சில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வழுக்கும் இடம் இது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல், மார்கழி முதல் வாரத்தில். பொங்கலுக்கு மூன்று வாரத்துக்கும் மேல் முன்னால்.

நம்பாதவர்களுக்கு ஒரு குச்சி போதும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நடுப்பகலில் அதன் நிழலை அளக்க வேண்டும். நடுப்பகல் என்றால் கடிகாரம் காட்டும் பன்னிரண்டு அல்ல. நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம். டிசம்பர் கடைசியில் அது 12.10ஐத் தாண்டி வரும், பொங்கல் சமயத்தில் 12.20ஐத் தாண்டி. டிசம்பர் 21 அன்று நிழல் வடக்குப் பக்கம் சுமார் 68 சென்டிமீட்டர் விழும். வருஷத்திலேயே மிக நீண்ட நடுப்பகல் நிழல் அதுதான். பொங்கலன்று அளந்தால் 63. ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது என்றால் சூரியன் ஏற்கெனவே திரும்பிவிட்டது என்றுதானே அர்த்தம்? சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாள் நிழல் குச்சிக்கடியிலேயே மறைந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு மார்கழி பிறந்ததிலிருந்து வாரம் ஒரு தடவை அளந்து, சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தால் மேடையில் அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். குச்சி சாய்ந்துவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். கொத்தனார் தூக்குக்குண்டை வைத்துப் பார்த்து நடுங்கள்.

இப்படிச் சொன்னவுடன் போன வருஷம் ஒரு பெரியவர் எழுந்து, "அப்போ பஞ்சாங்கத்தில் தை ஒன்று உத்தராயண புண்ணிய காலம் என்று போட்டிருக்கிறதே, அது பொய்யா தம்பி?" என்று கேட்டார். பொய் இல்லை ஐயா, பழைய உண்மை என்றேன். சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னால் சூரியன் மகர ராசிக்குள் நுழைவதும் வடக்கே திரும்புவதும் ஒரே சமயத்தில் நடந்தன. பிறகு இரண்டும் மெல்லப் பிரிந்துவிட்டன. பேர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

ஏன் பிரிந்தன? அப்படியானால் பொங்கல் தேதியும் நகர்கிறதா?

நகர்கிறது. பூமி, வேகம் குறைந்த பம்பரம் மாதிரி தன் அச்சை மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 வருஷம். அதனால் பருவத்தை வைத்து அளக்கும் வருஷத்தைவிட, நட்சத்திரத்தை வைத்து அளக்கும் வருஷம் இருபது நிமிடம் கூடுதல். நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்து அளக்கிறது. ஆங்கிலக் காலண்டர் பருவத்தை ஒட்டிப் போகிறது. இருபது இருபது நிமிடமாகச் சேர்ந்து, சுமார் 72 வருஷத்தில் பொங்கல் ஒரு நாள் பின்னால் தள்ளும்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் பிறந்த நாளே சாட்சி. விவேகானந்தர் மகர சங்கராந்தி அன்று பிறந்தவர். அந்தத் தேதி 1863 ஜனவரி 12. இப்போது அதே சங்கராந்தி 14, 15க்கு வந்துவிட்டது.

கவலைப்பட வேண்டிய வேகம் இல்லை. நிலா ஒரே வருஷத்தில் பதினோரு நாள் தள்ளிவிடும். இது பதினோரு நாள் தள்ள எண்ணூறு வருஷம் எடுத்துக்கொள்ளும். இருந்தாலும் "பொங்கல் தேதி மாறவே மாறாது" என்று மேடையில் அடித்துச் சொல்லாதீர்கள். "நம் ஆயுளில் ஓடாது" என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஓணமும் அறுவடைத் திருவிழாதானே? அது ஓடுகிறதே?

ஓணத்துக்கு மாதத்தைக் கொடுப்பது சூரியன், நாளைக் கொடுப்பது நிலா. சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில், திருவோண நட்சத்திரம் வரும் நாள் அது. எனவே ஒரு மாத வேலிக்குள் ஓடும், வேலியைத் தாண்டாது. நம் தைப்பூசமும் இந்த ஜாதிதான். 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. தையை விட்டு வெளியே போவதில்லை.

எல்லா அறுவடை விழாவும் சூரியத் தேதி என்று சொல்லிவிடாதீர்கள். ஒடிசாவின் நுவாகாய் நிலாத் திதியில் வருகிறது. கொரியாவின் சூசொக் பௌர்ணமியில். ஆனால் அவர்களும் கூடுதல் மாதம் சேர்த்துச் சூரியனுக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். பஞ்சாபின் வைசாகி நம்மைப் போலவே நேரடியாகச் சூரியனைப் பார்க்கிறது, ஆனால் மேஷத்தில் நுழையும்போது, ஏப்ரல் 13, 14 வாக்கில். ஜனவரியில் அங்கே கோதுமை பச்சையாக நிற்கும்.

ஒரு வருஷம் 14, ஒரு வருஷம் 15 என்று வருவது ஏன்? கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள்.

சூரியன் நுழைகிற நேரம் வருஷத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் தள்ளிப்போகும். லீப் வருஷத்தில் பிப்ரவரி 29 வந்ததும், அடுத்த பொங்கலுக்கு ஒரு நாள் முன்னால் இழுக்கப்படும். நம் வழக்கம் இது: அஸ்தமனத்துக்குள் நுழைந்தால் அன்றே தை ஒன்று, அஸ்தமனத்துக்குப் பிறகு என்றால் மறுநாள்.

திருக்கணிதப்படி எடுத்துப் பார்ப்போம். 2022இல் ஜனவரி 14 பிற்பகல் இரண்டே முக்கால் வாக்கில் நுழைந்தது, பொங்கல் 14. 2023இல் அதே 14, ஆனால் இரவு ஒன்பது மணி சுமாருக்கு, பொங்கல் 15. 2024இல் 15ஆம் தேதி விடிகாலை மூன்று மணி வாக்கில்; பொங்கல் 15. அந்த வருஷம் பிப்ரவரிக்கு 29 நாள். 2025இல் மறுபடி 14, காலை ஒன்பது மணி, பொங்கல் 14.

2026தான் குழப்பியது. திருக்கணிதப்படி 14ஆம் தேதி பிற்பகல் மூன்றேகாலுக்கே நுழைந்தாயிற்று. ஆனால் தமிழ்நாட்டில் பொங்கல் 15. ஊரில் பலரும் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் கணக்கு இதைவிடச் சில மணி நேரம் பிந்தி வரும். அந்தச் சில மணி நேரம் அஸ்தமனத்தைத் தாண்டிவிட்டது. மேடையில் இதற்குள் இறங்காதீர்கள். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் ஆள் இருக்கும் கூட்டத்தில் நாடகம் ஆரம்பிக்க நள்ளிரவு ஆகிவிடும்.

அடுத்த வருஷங்களுக்கு என்ன சொல்வது?

2027இல் நுழைவது ஜனவரி 14 இரவு ஒன்பது மணியைத் தாண்டி. 2028இல் 15ஆம் தேதி விடிகாலையில். இரண்டு வருஷமும் 15. இதில் எந்தப் பஞ்சாங்கக்காரருக்கும் சண்டை இருக்காது.